ஊராட்சி, ஒன்றியம், மாவட்ட ஊராட்சி: யாருக்கு மேல் யார்?

கேள்வி: "ரோடு சரியில்லைன்னு ஊராட்சித் தலைவர்கிட்ட போனா, அது ஒன்றியத்து ரோடுங்கிறார். ஒன்றியக் கவுன்சிலர் நிதி இல்லைங்கிறார். மாவட்டக் கவுன்சிலர்னு ஒருத்தர் இருக்காராம், பார்த்ததே இல்லை. இந்த மூணு பேர்ல யாருக்கு மேல யாரு? யாரைப் பிடிச்சா வேலை நடக்கும்?"

நீங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த இந்த மூன்று பேருக்குள் மேல், கீழ் என்பதே கிடையாது. ஒன்றியக் குழுத் தலைவர் ஊராட்சித் தலைவரைக் கூப்பிட்டு "இதைச் செய்" என்று உத்தரவு போட முடியாது. மாவட்ட ஊராட்சித் தலைவருக்கும் ஒன்றியக் குழுத் தலைவர் மேல் எந்த அதிகாரமும் இல்லை. மூன்றும் தனித்தனி மன்றங்கள், தனித்தனி கணக்கு, தனித்தனி சொத்து. மேல், கீழ் இருப்பதெல்லாம் அதிகாரிகள் பக்கத்தில்தான். இது புரியாததால்தான் ஜனங்கள் ஊராட்சியில் வேலை நடக்கவில்லை என்றால் ஒன்றியத்தில் புகார், ஒன்றியத்தில் நடக்கவில்லை என்றால் மாவட்ட ஊராட்சியில் புகார் என்று ஏறிக்கொண்டே போகிறார்கள், போன இடத்திலெல்லாம் "இது எங்க வேலை இல்லை" என்ற பதிலோடு திரும்பி வருகிறார்கள். அந்தப் பதில் பல நேரம் உண்மையும்கூட.

நான் சொல்வது தமிழ்நாட்டுக் கதை. வேறு மாநிலங்களில் அமைப்பு ஒன்றாகத் தெரிந்தாலும் நடைமுறை வேறு.

உள்ளாட்சித் தேர்தலில் கிராமத்து வாக்காளர் நாலு ஓட்டுப் போடுகிறார், நினைவிருக்கும். வெள்ளைச் சீட்டு ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு, இளஞ்சிவப்பு ஊராட்சித் தலைவருக்கு, பச்சை ஒன்றியக் கவுன்சிலருக்கு, மஞ்சள் மாவட்டக் கவுன்சிலருக்கு. முதல் இரண்டும் கட்சி இல்லாத தேர்தல், பூட்டு சாவி, ஆட்டோ என்று சுயேச்சைச் சின்னங்கள். பின் இரண்டும் கட்சிச் சின்னத்தில் நடப்பவை. ஊராட்சித் தலைவரை நீங்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறீர்கள். ஆனால் ஒன்றியக் குழுத் தலைவரையும் மாவட்ட ஊராட்சித் தலைவரையும் அந்தந்தக் கவுன்சிலர்கள் தங்களுக்குள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதனால்தான் முடிவு வந்த கையோடு கவுன்சிலர்களை எங்காவது கூட்டிப்போய்த் தங்கவைக்கும் வேலை ஒன்றியத்திலும் மாவட்டத்திலும் நடக்கிறது. ஊராட்சித் தலைவர் பதவிக்கு அந்தத் தேவையே இல்லை. அவர் ஜெயித்தால் ஜெயித்ததுதான், வார்டு உறுப்பினர்கள் அத்தனை பேரும் எதிரணியாக இருந்தாலும் அவர்தான் தலைவர்.

ஒன்றியக் கவுன்சிலர் வார்டு ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒன்று, மாவட்டக் கவுன்சிலர் வார்டு ஏறத்தாழ 50,000 பேருக்கு ஒன்று. அதாவது உங்கள் ஊராட்சியில் 2,500 பேர் இருந்தால், ஒன்றியக் கவுன்சிலர் உங்களுக்கு மட்டும் கவுன்சிலர் இல்லை, பக்கத்து ஊராட்சி ஒன்றுக்கோ இரண்டுக்கோ சேர்த்து அவர் ஒருவர்தான். மாவட்டக் கவுன்சிலர் பத்து ஒன்றிய வார்டு அளவுக்குப் பரந்த இடத்துக்கு ஒருவர், சுமார் இருபது ஊராட்சிகள் அவர் வார்டுக்குள் வரலாம். அவரை நீங்கள் பார்த்ததில்லை என்பதில் ஆச்சரியம் இல்லை. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களிலும், 2021 அக்டோபரில் மீதி 9 மாவட்டங்களிலும் நடந்த தேர்தல்களைச் சேர்த்துப் பார்த்தால் 12,525 ஊராட்சிகள், 388 ஒன்றியங்கள், 36 மாவட்ட ஊராட்சிகள். மொத்த மாவட்டக் கவுன்சிலர்கள் 655 பேர்தான்.

ஒரு காலத்தில் இது உண்மையிலேயே ஏணிதான். 1958ஆம் வருஷச் சென்னை ஊராட்சிகள் சட்டத்தில் ஊராட்சித் தலைவர்களே ஒன்றியக் குழுவின் உறுப்பினர்களாக உட்கார்ந்தார்கள். கீழே ஜெயித்தவர் மேலே போய்ப் பேசுவார், எடுத்த முடிவைக் கையோடு ஊருக்குக் கொண்டுவருவார். ஒன்றியம்தான் அப்போது பலமான இடம். தொடக்கப் பள்ளிகளும் வாத்தியார்களும்கூட ஒன்றியத்தின் கையில் இருந்தார்கள். மாவட்டத்தில் இருந்தது வெறும் ஆலோசனை சொல்லும் வளர்ச்சி மன்றம், அதற்குத் தலைவர் கலெக்டர். 1981இல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். "ஊராட்சி ஒன்றிய தொடக்கப் பள்ளி" என்ற போர்டும் கட்டடப் பராமரிப்பும் மட்டும் ஒன்றியத்தோடு நின்றன. அப்புறம் 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்து, அதையொட்டி 1994இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. அதன்படி முதல் தேர்தல் 1996இல். அந்தச் சட்டம் மூன்று மட்டத்துக்கும் மக்கள் நேரடியாக உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்க வழி செய்தது. நல்ல விஷயம்தான், ஆனால் அதோடு பழைய ஏணி உடைந்தது. இன்றைக்கு ஊராட்சித் தலைவரும் ஒன்றியக் கவுன்சிலரும் ஒரே ஊரில் ஓட்டு வாங்கிய இரண்டு தனி ஆட்கள். ஒருவர் கூட்டத்தில் மற்றவர் என்ன பேசினார் என்பது தெரியாமலே ஐந்து வருஷமும் ஓட்டிவிடலாம். பல ஊர்களில் அப்படித்தான் ஓடுகிறது. என் கருத்தில் இந்த அமைப்பின் பெரிய ஓட்டை இதுதான்.

சரி, மூன்றையும் இணைப்பது எது? அதிகாரிகளின் வரிசை. ஊராட்சியில் ஊராட்சிச் செயலாளர். ஒன்றிய அலுவலகத்துக்குப் போனால் அங்கே பி.டி.ஓ. ஒருவர் இல்லை, இரண்டு பேர். ஒருவர் வட்டார வளர்ச்சி அலுவலர் (வட்டார ஊராட்சி), இவர்தான் ஒன்றியக் குழுவின் ஆணையர், குழுவின் தீர்மானங்களைச் செயல்படுத்துபவர். இன்னொருவர் வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சி), அந்த ஒன்றியத்தில் உள்ள எல்லா ஊராட்சிகளையும் கவனிப்பவர். அலுவலகத்தில் இவர்களை பி.டி.ஓ. பி.பி., பி.டி.ஓ. வி.பி. என்பார்கள். மனு கொடுக்கப் போகிறவர்களில் பாதிப் பேர் தவறான பி.டி.ஓ.விடம் கொடுத்துவிட்டு வருகிறார்கள், அது மேசை மாறவே ஒரு மாதம் ஆகிறது. மாவட்டத்தில் உதவி இயக்குநர் (ஊராட்சிகள்) இருக்கிறார். எல்லாவற்றுக்கும் மேலே கலெக்டர். சட்டத்தில் அவருக்கு ஒரு தனிப் பெயர் உண்டு: ஊராட்சிகளின் ஆய்வாளர். ஊராட்சித் தீர்மானம் சட்டத்துக்கு விரோதமாக இருந்தால் அதை நிறுத்திவைக்கவோ ரத்து செய்யவோ அவரால் முடியும். தலைவரைப் பதவி நீக்கும் 205ஆம் பிரிவின் நடவடிக்கையும் அவரிடம்தான் தொடங்குகிறது. ஆக உங்கள் ஊராட்சித் தலைவர் பயப்பட வேண்டியது ஒன்றியக் குழுத் தலைவருக்கு இல்லை, கலெக்டருக்கு.

ஊராட்சித் தலைவருக்கு இன்னொரு தனித்தன்மை. மூன்று மட்டத்தில் அவர் ஒருவர்தான் நிர்வாக அதிகாரம் உள்ள தலைவர். மற்ற இரண்டு இடத்திலும் தலைவர் கூட்டத்தை நடத்துவார், நிர்வாகத்தைச் செய்வது அதிகாரி. ஊராட்சியில் தலைவரே நிர்வாகி. காசோலையில் அவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். இதைத்தான் ஊரில் "செக் பவர்" என்கிறார்கள்.

பணத்தைப் பார்த்தால் படம் இன்னும் தெளிவாகும். வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், வீடு கட்ட அனுமதிக் கட்டணம் எல்லாம் ஊராட்சிக்கு மட்டுமே. ஒன்றியமும் மாவட்ட ஊராட்சியும் உங்கள் வீட்டுக்கு வரி போடுவதில்லை. பெரும்பாலான ஊராட்சிகளில் இந்த வரி வருமானம் கரண்ட் பில்லுக்கும் துப்புரவுப் பணியாளர் சம்பளத்துக்கும்கூடப் போதாது. மீதி எல்லாம் மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி மாநில அரசு தன் வரி வருவாயில் இருந்து பிரித்துக் கொடுக்கும் மானியமும், மத்திய நிதிக் குழு மானியமும்தான். மாநில மானியத்தில் ஐந்தாவது மாநில நிதி ஆணையம் 2017 முதல் 2022 வரைக்குச் சொன்ன பங்கு: கிராமப்புறத்துக்கு வரும் 100 ரூபாயில் ஊராட்சிகளுக்கு 55, ஒன்றியங்களுக்கு 37, மாவட்ட ஊராட்சிகளுக்கு 8. அதற்கு முன் 60, 32, 8 என்று இருந்தது.

55 ரூபாய் பெரிதாகத் தெரிகிறதா? அந்த 55ஐ 12,525 ஆகப் பிரிக்க வேண்டும், 37ஐ 388 ஆகப் பிரித்தால் போதும். கணக்குப் போட்டால் சராசரியாக ஓர் ஒன்றியத்தின் கையில் வருவது ஓர் ஊராட்சியின் கையில் வருவதைப்போல் 21 மடங்குக்கும் மேல். இது சராசரிக் கணக்குதான், ஜனத்தொகைக்கு ஏற்ப ஊருக்கு ஊர் மாறும். ஆனால் விஷயம் விளங்கும்: தெருவிளக்கு மாற்ற ஊராட்சி போதும், ஒரு கிலோமீட்டர் தார் ரோடு போட ஊராட்சியின் சொந்தப் பணத்தால் ஆகாது. ஒன்றியத்துக்கு வரும் அந்தப் பணத்தையும், பெரும்பாலான இடங்களில் கவுன்சிலர்கள் தங்களுக்குள் "வார்டுக்கு இவ்வளவு" என்று சமமாகப் பிரித்துக்கொள்கிறார்கள். சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை, பழக்கம். 16 வார்டு உள்ள ஒன்றியத்தில் வேலை நிதியைப் பதினாறாகப் பிரித்தால் ஒரு வார்டுக்கு ஒரு சின்னப் பாலமும் கொஞ்சம் சிமெண்ட் ரோடும்தான் வரும். "நிதி இல்லை" என்று உங்கள் கவுன்சிலர் சொன்னது பெரும்பாலும் "என் பங்கு முடிந்துவிட்டது" என்ற அர்த்தத்தில்தான் இருக்கும். அடுத்த தவணையில் உங்கள் ரோட்டை முதலில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள், அது நியாயமான கோரிக்கை.

மாவட்ட ஊராட்சிக்குச் சொந்தமாக ரோடு கிடையாது, ஊழியர்களும் சொற்பம். அதற்கு வரும் சின்னப் பங்கில் பள்ளிக் கட்டடம், நீர்த்தொட்டி, சின்னச் சாலை என்று கவுன்சிலர்கள் சொல்லும் வேலைகள் நடக்கும். மாவட்டத் திட்டக் குழுவுக்கு மாவட்ட ஊராட்சித் தலைவர்தான் தலைவர். ஆனால் மத்திய, மாநில அரசுகளின் பெரிய ஊரகத் திட்டங்களின் பணம் அவர் வழியாக வருவதில்லை. அது மாவட்ட ஊரக வளர்ச்சி முகமை வழியாக வருகிறது, அதற்குத் தலைவர் கலெக்டர், நடத்துபவர் திட்ட இயக்குநர். பேரைக் கேட்டால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். உங்கள் ரோட்டைப் பொறுத்தவரை முகமைதான் முக்கியம்.

இப்போது ரோட்டுக்கு வருவோம். உங்கள் ஊர் மாதிரி ஒன்றை வைத்துச் சொல்கிறேன். பஸ் போகும் மெயின் ரோட்டில் இருந்து ஊருக்குள் ஒன்றரை கிலோமீட்டர் தார் ரோடு. ஊரைத் தாண்டி இன்னும் இரண்டு கிலோமீட்டர் போய் அடுத்த ஊராட்சியின் குக்கிராமத்தில் முடிகிறது. ஊருக்குள் கீழத்தெரு என்று ஒரு முன்னூறு மீட்டர் சிமெண்ட் ரோடு. ஊருக்கு முன்னால் ஓடைமேல் ஒரு சின்னப் பாலம், அதன் கைப்பிடிச் சுவர் உடைந்து கிடக்கிறது.

மெயின் ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையது, மூன்று மன்றத்துக்கும் சம்பந்தமில்லை. கீழத்தெரு ஊராட்சிச் சாலை. நடுவில் இருக்கும் அந்த மூன்றரை கிலோமீட்டர் இரண்டு ஊராட்சிகளை இணைக்கிறது, அதனால் அது பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியச் சாலையாக இருக்கும். "பெரும்பாலும்" என்று சொல்லக் காரணம், இதைப் பார்த்து முடிவு செய்ய முடியாது, ஒன்றிய அலுவலகத்தில் உள்ள சாலைப் பதிவேட்டில்தான் இருக்கும். சில ஒன்றியச் சாலைகளை நெடுஞ்சாலைத் துறை எடுத்துத் தரம் உயர்த்தியிருக்கும், அப்படியானால் அது இதர மாவட்டச் சாலை ஆகிவிடும், அப்புறம் ஒன்றியம் அதில் ஒரு ரூபாய் செலவழிக்க முடியாது. ரோட்டு முனையில் பிரதம மந்திரி கிராம சாலைத் திட்டப் பலகை இருந்தால் அதை முதலில் படியுங்கள். போட்ட தேதியும் நீளமும் அதில் இருக்கும். அந்தத் திட்டத்தில் ரோடு முடிந்து ஐந்து வருஷம் வரை பராமரிப்பு அதே ஒப்பந்ததாரரின் பொறுப்பு. ஐந்து வருஷத்துக்குள் குழி விழுந்தால் நிதி தேட வேண்டியதே இல்லை, ஒப்பந்ததாரரை வரவழைக்கச் சொல்லி எழுதினால் போதும். இது தெரியாமல் புது ரோடு கேட்டு அலைகிறவர்கள் நிறையப் பேர்.

ரோடு ஒன்றியத்துடையது என்று உறுதியானால், ஊராட்சித் தலைவர் உங்களிடம் சொன்னது சரி. அவர் தன் நிதியை அதில் போட்டால் தணிக்கையில் தடை எழுதுவார்கள், அந்தப் பணத்தை அவர் கையில் இருந்து கட்டச் சொல்லும் நிலைகூட வரும். ஆனால் அதோடு அவர் கை கழுவிவிட முடியாது. கிராம சபையில் தீர்மானம் வைக்க அவரால் முடியும். 2022இல் இருந்து வருஷத்துக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 100 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். "எங்கள் ஊருக்கு ரோடு வேண்டும்" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் பிரயோசனம் இல்லை. ரோட்டின் பதிவேட்டுப் பெயர், எங்கிருந்து எதுவரை, எத்தனை மீட்டர், பாலத்தின் நிலை, கடைசியாக எந்த வருஷம் போட்டது என்று தீர்மானத்தில் வர வேண்டும். கூட்டம் முடிந்ததும் தீர்மான நகல் வாங்கிவிடுங்கள். ஒன்றியத்தைப் பொறுத்தவரை இந்தத் தீர்மானம் ஒரு கோரிக்கைதான், அவர்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் பின்னால் எந்தத் திட்டத்தில் ரோட்டைச் சேர்த்தாலும் கோப்பில் முதல் தாள் அதுவாகத்தான் இருக்கும்.

அடுத்தது மதிப்பீடு. ஊராட்சிக்கு என்று பொறியாளர் யாரும் கிடையாது. முந்நூறு மீட்டர் கீழத்தெரு ஊராட்சிச் சாலையாக இருந்தாலும் டேப் பிடித்து அளந்து மதிப்பீடு போடுவது ஒன்றியத்தின் பணி மேற்பார்வையாளர், அதாவது ஓவர்சியர். சரிபார்ப்பது ஒன்றியப் பொறியாளர். தொகை கூடக் கூடத் தொழில்நுட்ப அனுமதி உதவி செயற்பொறியாளருக்கும், மாவட்டத்தில் உள்ள செயற்பொறியாளருக்கும் போகும். வேலை நடந்த பிறகு எம்-புக் என்ற அளவுப் புத்தகத்தில் அளவு எழுதுவதும் அதே ஒன்றியப் பொறியாளர்தான். எம்-புக் எழுதாமல் பில் பாஸ் ஆகாது. ஊராட்சி சுதந்திரமான அமைப்பு என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் ஓவர்சியர் வந்து அளக்காவிட்டால் ஊராட்சித் தலைவரால் ஒரு சாக்கடைகூடக் கட்ட முடியாது. ஓர் ஓவர்சியருக்குப் பத்துப் பதினைந்து ஊராட்சிகள் இருக்கும், அவர் எப்போது வருவார் என்பதுதான் வேலை எப்போது நடக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. தலைவர் ஏமாற்றுகிறார் என்று ஊரில் பேசிக்கொள்ளும் பல தாமதங்களின் உண்மைக் காரணம் இதுதான்.

மதிப்பீடு தயாரானதும் பணம் எங்கிருந்து என்ற கேள்வி. மூன்றரை கிலோமீட்டர் முழுக்கத் திரும்பப் போட வேண்டும் என்றால் ஒன்றியப் பொது நிதி தாங்காது. அதை முதல்வரின் கிராம சாலைகள் மேம்பாட்டுத் திட்டம் மாதிரி ஒன்றில் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்க்கும் பட்டியல் பி.டி.ஓ.விடம் இருந்து ஊரக வளர்ச்சி முகமைக்குப் போய், கலெக்டர் நிர்வாக அனுமதி வரை போகும். பாலத்துக் கைப்பிடிச் சுவரும் நடுவில் உள்ள பத்துக் குழியும் மட்டும் என்றால் அது ஒன்றியப் பொது நிதியிலேயே முடியும். அதற்கு உங்கள் கவுன்சிலர் பொருளாக வைத்து, ஒன்றியக் குழுக் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற வேண்டும், அப்புறம் டெண்டர். ஆகவே ஒரே மனுவில் இரண்டு கோரிக்கை வையுங்கள்: பாலமும் குழிகளும் உடனே பொது நிதியில், முழு ரோடும் அடுத்த திட்டப் பட்டியலில். முழு ரோட்டை மட்டும் கேட்டால் "பட்டியலில் அனுப்பியிருக்கிறோம்" என்ற பதில் வரும், அந்தப் பாலத்தின் சுவர் இன்னும் இரண்டு மழைக்காலம் அப்படியே கிடக்கும். ராத்திரியில் சைக்கிளில் வருகிறவர் விழுந்தால் யார் பதில் சொல்வது?

கீழத்தெரு சிமெண்ட் ரோடு தனி வழி. அது ஊராட்சி மன்றத் தீர்மானம், ஊராட்சி நிதி அல்லது ஒன்றிய, மாவட்டக் கவுன்சிலர் யாராவது தங்கள் பங்கில் இருந்து தரும் நிதி. இங்கேதான் மாவட்டக் கவுன்சிலர் பயன்படுவார். அவருக்குப் பெரிய ரோடு போடும் பணம் கிடையாது, ஆனால் ஒரு தெருவுக்கு உண்டு. எம்.எல்.ஏ., எம்.பி. தொகுதி நிதியில் வந்தாலும் ஊரில் வேலையைச் செய்து முடிப்பது பெரும்பாலும் ஒன்றிய அலுவலகம்தான். எந்தப் பணமாக இருந்தாலும் கடைசியில் அந்த ஒரே கட்டடத்துக்கு வந்து சேருகிறது.

தண்ணீரிலும் இதே அடுக்குதான், சுருக்கமாகச் சொல்கிறேன். தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவது, தெருக் குழாய், மோட்டார் பழுது, டேங்க் ஆபரேட்டர் சம்பளம் எல்லாம் ஊராட்சி. கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் இருந்து ஊர்த் தொட்டி வரை வரும் பெரிய குழாய் குடிநீர் வடிகால் வாரியம். புது மேல்நிலைத் தொட்டி கட்டுவது ஒன்றியம் வழியாக நடக்கலாம், கட்டி முடித்து ஊராட்சியிடம் ஒப்படைத்துவிட்டால் கரண்ட் பில் ஊராட்சிக்கு. கண்மாய், ஏரி என்றால் ஆயக்கட்டைக் கேளுங்கள்: 100 ஏக்கருக்கு, அதாவது 40 ஹெக்டேருக்குக் குறைவாகப் பாசனம் தரும் கண்மாய் ஒன்றியத்துடையது, அதற்கு மேல் நீர்வளத் துறையுடையது. மடை உடைந்த அன்றைக்கு யாரைக் கூப்பிடுவது என்று அப்போது விசாரித்துக்கொண்டு நிற்கக்கூடாது, மழைக்கு முன்னாலேயே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே சிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊராட்சியில் அடிக்கடி வேலை நிற்பது பணம் இல்லாமல் இல்லை, கையெழுத்து இல்லாமல். துணைத் தலைவருக்கும் தலைவருக்கும் ஆகாவிட்டால் செக் நிற்கும். தனித் தொகுதியில் ஜெயித்த தலித் தலைவர்களை முடக்க இந்தக் கையெழுத்தையே ஆயுதமாகப் பயன்படுத்துவது பல ஊர்களில் நடந்திருக்கிறது, வெட்கப்பட வேண்டிய விஷயம். துப்புரவுப் பணியாளருக்கு மாதக்கணக்கில் சம்பளம் இல்லை, டேங்க் மோட்டார் பழுது பார்த்தவருக்குப் பணம் இல்லை என்று கேள்விப்பட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். முற்றினால் கலெக்டர் 203ஆம் பிரிவில் செக் பவரை எடுத்து பி.டி.ஓ. போன்ற அதிகாரிக்குக் கொடுப்பார். இது அவசரத்துக்கு வைத்த பிரிவு. தடையாக இருக்கும் துணைத் தலைவரை விட்டுவிட்டு, தலைவரின் அதிகாரத்தையும் சேர்த்துப் பறிப்பதில் முடிந்தால் அது நியாயமே இல்லை. ஒன்றியத்தில் இந்தச் சிக்கல் வராது, அங்கே கையெழுத்து அதிகாரியுடையது. அங்கே சிக்குவது கூட்டம் நடக்காமல் போவதில். பாதிக் கவுன்சிலர்கள் வெளிநடப்பு செய்தால் தீர்மானம் நிற்கும், தீர்மானம் நின்றால் பொது நிதி வேலை நிற்கும்.

இன்னொரு நிலைமை, தேர்தலே இல்லாத காலம். 2016 தேர்தல் நீதிமன்றத்தில் ரத்தாகி, 27 மாவட்டங்களில் 2020 ஜனவரி வரையும், மீதி 9 மாவட்டங்களில் 2021 அக்டோபர் வரையும் தனி அலுவலர்கள்தான் நடத்தினார்கள். 2019இல் ஜெயித்தவர்களின் காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்ததும் அந்த மாவட்டங்களில் மறுபடி தனி அலுவலர்கள் வந்தார்கள். அப்படிப்பட்ட காலத்தில் தலைவர், மன்றம், தீர்மானம் எல்லாமே ஓர் அதிகாரியின் கையெழுத்தில் அடங்கிவிடும். உங்கள் ஊராட்சிக்குத் தனி அலுவலர் அநேகமாக பி.டி.ஓ. வி.பி.யாகத்தான் இருப்பார். கவுன்சிலரைத் தேட வேண்டாம், கிராம சபை மட்டும் நடந்துகொண்டே இருக்க வேண்டும், அதில் போய்ப் பேசுங்கள். அந்தக் காலத்தில் ஊர்க்காரர்கள் நேரடியாகக் கேள்வி கேட்கக்கூடிய மேடை அது ஒன்றுதான் மிச்சம்.

உங்களுக்கு இப்போது செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஒன்றிய அலுவலகம் போய் உங்கள் ரோடு பதிவேட்டில் யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். வாய்வழியாகச் சொல்ல மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் மனு போடுங்கள், ரோட்டின் பெயர், வகைப்பாடு, கடைசியாகப் போட்ட வருஷம், திட்டம், ஒப்பந்தப் பராமரிப்பு எதுவரை என்ற ஐந்தையும் கேளுங்கள். பதில் ஒன்றியச் சாலை என்று வந்தால் மனு பி.டி.ஓ. பி.பி.க்கு, நகல் கவுன்சிலருக்கு. ஊராட்சிச் சாலை என்று வந்தால் அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு உங்கள் தலைவர் வீட்டுக்கே போங்கள், அவர் உங்களிடம் சொன்னது தப்பு என்று ஆகிவிடும். நகல் பி.டி.ஓ. வி.பி.க்கு. எதிலும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள்.